கணக்கு எழுதுகிறவரும் பாடம் நடத்துகிறவரும் டேட்டா வேலைக்குப் போக ஒன்றரை லட்சம் கட்ட வேண்டியதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. "ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறென்ன வேலை" என்று சொல்லிக்கொண்டாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

சமீப காலமாக என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "சார், டேட்டா சயின்ஸ் கோர்ஸ் சேரட்டுமா?" கேட்பவர்கள் பள்ளி முடித்த பிள்ளைகள் இல்லை. முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். ஒரு பாதி தனியார் பள்ளி ஆசிரியர்கள். இன்னொரு பாதி என்னிடம் கணக்குப்பதிவியல் படித்து, பி.காம். முடித்து, இன்று ஏதோ ஒரு கடையிலோ மில்லிலோ டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள்.

வேலை மாறும் ஆசையில் தவறே இல்லை. பதினைந்து வருடம் வவுச்சர் போட்டவருக்கு அடுத்த படி வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அவர்களுக்குக் காட்டப்படும் வழி தவறு. "இருக்கும் வேலையை விடு, கோர்ஸில் சேர், ஆறே மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட்" என்கிறார்கள். அதைத்தான் எதிர்த்து எழுதுகிறேன்.

என் உறவில் ஒரு பிள்ளை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஒரு பயிற்சி நிறுவனத்தின் பேச்சைக் கேட்டு வேலையை விட்டாள். கட்டணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். "கையிலிருந்து ஒன்றும் தர வேண்டாம், மாதத் தவணைதான்" என்றார்கள். அந்தத் தவணை என்பது ஒரு கடன் நிறுவனம் அவள் பெயரில் கொடுத்த கடன். பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விட்டது. வகுப்பு பிடிக்கவில்லை என்று நின்றாலும் தவணை நிற்காது. விளம்பரத்தில் "நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி" என்று இருந்தது. உதவி என்றால் வேலை என்று பொருள் இல்லை. வாரம் நாலு வேலை விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அது உதவிதான்.

நாலாம் மாதம் நியூரல் நெட்வொர்க் நடத்தினார்கள். ஏழாம் மாதம் அவள் போன முதல் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி: "இரண்டு பட்டியல்களை இணைத்தபோது 240 வரி இருந்த இடத்தில் 243 வரி வந்துவிட்டது. ஏன்?" அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பாடத்தில் யாரும் தொடவே இல்லை. விடை என்ன என்று கீழே சொல்கிறேன்.

டேட்டா சயின்டிஸ்ட் வேலைக்குப் புள்ளியியலிலும் கணினி அறிவியலிலும் முதுகலை முடித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். "டேட்டா அனலிஸ்ட், அனுபவம் தேவையில்லை" என்று ஓர் அறிவிப்பு வந்தால் அந்த வருடம் பட்டம் வாங்கிய பொறியியல் பிள்ளைகள் எல்லாம் விண்ணப்பிக்கிறார்கள். அந்த வரிசையில் முப்பத்தைந்து வயதில் சான்றிதழோடு போய் நிற்பதில் உங்களுக்கு ஒரு லாபமும் கிடையாது. உங்களிடம் இருந்து அவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு. அது உங்கள் தொழில். அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறது அந்த கோர்ஸ்.

வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவி கரூரில் ஒரு நூல் வியாபார நிறுவனத்தில் கணக்கர். அவரும் இதே கேள்வியோடுதான் வந்தார். "கோர்ஸ் இருக்கட்டும் அம்மா, உங்கள் ஆபீஸில் மாதாமாதம் உயிரை எடுக்கும் வேலை எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "2பி ஒத்துப் பார்க்கிறது சார்" என்றார்.

வேறு தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நாம் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஜனவரியிலிருந்து, விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் தாக்கல் செய்து, அது நம் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்திருந்தால்தான் கழிக்க முடியும். அந்தப் பட்டியல் அடுத்த மாதம் 14-ம் தேதி வாக்கில் வரும். நம் டேலி கொள்முதல் பதிவேட்டையும் அதையும் வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டையும் அச்செடுத்து, ஸ்கேல் வைத்து, பென்சிலில் டிக் போடுகிறார்கள். மூன்று நாள் போகும்.

நானும் அவரும் உட்கார்ந்து ஒரு ஜூலை மாதக் கணக்கை எக்செலில் செய்தோம். எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். டேலியில் 240 பில். 2பி-யில் 231 பில்.

முதல் சுற்று. விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண் இரண்டும் ஒத்துப்போகிறதா? A பத்தியில் ஜிஎஸ்டி எண், B பத்தியில் பில் எண்.

```
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!B:B,B2)
```

1 வந்தால் ஒத்துப்போகிறது. 0 வந்தால் இல்லை. 2 வந்தால் அந்தப் பக்கம் இரண்டு முறை இருக்கிறது, பார்க்க வேண்டும். 168 பில் ஒத்துப்போனது. இந்தப் பக்கம் 72, அந்தப் பக்கம் 63 மிச்சம்.

72 பில் காணோமா என்று பதற வேண்டாம். பில்லில் SVT/24-25/0187 என்று இருக்கும். நம் ஆள் டேலியில் 187 என்று அடித்திருப்பார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. இரண்டாவது சுற்றில், கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு இருப்பதை மட்டும் எடுத்து, முன்னால் உள்ள சுழியங்களை நீக்கி ஒப்பிட்டோம். எக்செலில் உள்ள பவர் குவெரியில் இதை ஒரு முறை அமைத்துவிட்டால் போதும், அடுத்த மாதம் புதுக் கோப்பைப் போட்டு Refresh அழுத்தினால் தானே செய்துவிடும். இன்னும் 46 ஒத்துப்போனது. இங்கே ஓர் எச்சரிக்கை. ஏப்ரலில் பில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். போன வருட 187-ம் இந்த வருட 187-ம் ஒரே வியாபாரியிடம் இருக்கும். ஆகவே தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது கணக்கு எழுதியவருக்குத்தான் தோன்றும்.

மூன்றாவது சுற்றில், ஜிஎஸ்டி எண்ணும் வரித்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். ஒரு ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிடலாம். 9 கிடைத்தது. ஒரே வியாபாரி ஒரே விலைக்கு இரண்டு முறை சரக்கு அனுப்பியிருந்தால் இந்தச் சுற்று ஏமாற்றும். அதனால் ஒன்பதையும் கண்ணால் பார்த்தோம்.

டேலியில் மிச்சம் 17. 2பி-யில் மிச்சம் 8. இனி கைவேலை. பதினேழில் 2 பில் நாமே இரண்டு முறை ஏற்றியது. 4 பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பாக அடிக்கப்பட்டிருந்தது. அந்த நாலும் 2பி எட்டில் இருந்தன. மீதி 11 பில்லை விற்றவர் தாக்கலே செய்யவில்லை. 2பி-யில் கடைசியாக நின்ற 4 பில், சரக்கு குடோனில் இறங்கி, பில் ஆபீஸுக்கு வராதவை.

கூட்டிப் பாருங்கள்: 168, 46, 9, 17. மொத்தம் 240. வரியும் இப்படித்தான் கூட வேண்டும். கூடவில்லை என்றால் எங்கோ ஒன்று தொலைந்தது அல்லது இரட்டித்தது. இருப்பாய்வு எடுத்தவருக்கு இந்தப் பழக்கத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதுவரை செய்ததைக் கணினி படித்த எந்தப் பிள்ளையும் செய்துவிடும். அடுத்ததுதான் முக்கியம்.

அந்த 11 பில்லும் 5 வியாபாரிகளுடையவை. நிற்கும் வரி ₹1,84,000. அதில் 8 பில், ₹1,52,000, இரண்டே வியாபாரிகளிடம். முதலாளி கோபத்தில் "அவனுங்களுக்குப் பணத்தை நிறுத்து" என்றார். மாணவி ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் எண்ணைப் போட்டுத் தேடினார். இருவரும் காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்கிறவர்கள். ஐந்து கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. அவர்கள் விரும்பினால் முதல் இரண்டு மாத பில்களை மட்டும் முன்கூட்டியே ஏற்றலாம், கட்டாயம் இல்லை. ஆகவே ஜூலை பில், அவர்கள் ஒழுங்காகத் தாக்கல் செய்தால், அக்டோபர் நடுவில் வரும். பணம் போகவில்லை, தாமதமாகிறது. உண்மையில் துரத்த வேண்டியது மற்ற மூன்று பேரிடம் உள்ள ₹32,000-ஐத்தான்.

இதை அவர் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மேலே இரண்டு வரி: எவ்வளவு நிற்கிறது, அதில் எது தானே வரும், எதைத் துரத்த வேண்டும். கீழே ஐந்து பெயர், தொகை, அடுத்து என்ன செய்வது. பழைய வியாபாரிகள் இருவரோடு வர இருந்த சண்டை நின்றது.

டேட்டா அனலிசிஸ் என்பது இதுதான். ஒழுங்கில்லாத இரண்டு பட்டியலைச் சுத்தம் செய்து, ஒத்துப் பார்த்து, மிச்சத்துக்குக் காரணம் சொல்லி, முடிவு எடுப்பவருக்கு ஒரு பக்கத்தில் தருவது. காலாண்டுத் தாக்கல் என்ற விஷயம் தெரியாதவர் "₹1,84,000 போச்சு" என்று ஓர் அழகான படம் வரைந்து கொடுத்திருப்பார். படம் சரியாகவும் முடிவு தப்பாகவும் இருந்திருக்கும்.

அடுத்து அவர் கற்றுக்கொண்டது எஸ்க்யூஎல். பயப்படாதீர்கள். மேலே செய்த முதல் சுற்றே அந்த மொழியில் இவ்வளவுதான்:

```
SELECT p.gstin, p.bill_no, p.tax
FROM purchase p
LEFT JOIN gstr2b g
  ON p.gstin = g.gstin
 AND p.bill_no = g.bill_no
WHERE g.bill_no IS NULL;
```

"கொள்முதல் பட்டியலை முழுசாக வை. பக்கத்தில் 2பி-யை ஒட்டு. ஒட்டாததை மட்டும் காட்டு." அவ்வளவே. இப்போது அந்த நேர்முகக் கேள்விக்கு வருவோம். கடைசி வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் 240 வரி வர வேண்டும். 243 வந்தால், வலது பக்கப் பட்டியலில் சில பில்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன என்று அர்த்தம். அவை ஒவ்வொன்றும் இடது பக்க வரியை இரட்டிக்கும். கொள்முதல் மொத்தமும் பொய்யாகப் பெருகும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பவர் தப்பிப்பார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டியும் கிடைக்காத விடை, ஒரு வவுச்சர் இரண்டு முறை ஏறினால் என்ன ஆகும் என்று அறிந்த எந்தக் கணக்கருக்கும் அரை நாளில் புரியும்.

எஸ்க்யூஎல் பழக எஸ்க்யூலைட் போதும், இலவசம். அதன் பிறகு பவர் பிஐ டெஸ்க்டாப். விண்டோஸ் கணினியில் அதுவும் இலவசம். இந்த வரிசை முக்கியம்: எக்செலும் பவர் குவெரியும், பிறகு எஸ்க்யூஎல், பிறகு பவர் பிஐ. பைத்தான் வேலையில் சேர்ந்த பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும் உங்கள் ஆபீஸ் கோப்பிலேயே பழகுங்கள். ஒன்று மட்டும் கவனம். வெளியே காட்டும்போது முதலாளியின் வியாபாரிகள் பெயரும் தொகையும் இருக்கக் கூடாது. பெயரை மாற்றி, தொகையை மாற்றி, மாதிரியாகத்தான் காட்ட வேண்டும். கம்பெனிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போகிறவரை எந்த முதலாளியும் நம்ப மாட்டார்.

ஆசிரியர்கள் "எங்களுக்கு என்ன சார்?" என்று கேட்பீர்கள். உங்களிடம் விடைத்தாள் இருக்கிறது. நாற்பது பேர் எழுதிய ஒரு மதிப்பெண் கேள்விகள். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 11 பேர், கீழே உள்ள 11 பேர் என்று பிரியுங்கள். சுமார் 27 சதவீதம் எடுப்பது பழைய வழக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் இரு பக்கமும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மூன்றாம் கேள்வியில் மேலே 10, கீழே 4 என்றால் கேள்வி தன் வேலையைச் செய்கிறது. ஏழாம் கேள்வியில் மேலே 5, கீழே 8 என்றால்? நன்றாகப் படிக்கிறவர்கள் தப்பு விடுகிறார்கள், மற்றவர்கள் சரியாக எழுதுகிறார்கள். அங்கே பிழை பெரும்பாலும் பிள்ளைகளிடம் இல்லை. விடைக்குறிப்பு தப்பு, அல்லது கேள்வியில் இரண்டு பொருள். 11 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எண் சந்தேகத்தைக் காட்டும், கேள்வியைத் திறந்து படித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அப்படிப் படித்துப் பார்த்துக் காரணம் சொல்வது ஆசிரியரால்தான் முடியும். என் உறவுக்காரப் பிள்ளை இப்போது தன் பழைய பள்ளித் தேர்வுகளை, மாணவர் பெயரை நீக்கிவிட்டு, இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறாள். கடன் தவணை இன்னும் ஓடுகிறது.

இனி எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது? "டேட்டா" என்ற சொல்லைத் தேடாதீர்கள். கணக்கர்கள் எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், ரீகன்சிலியேஷன், ஜிஎஸ்டி கம்ப்ளையன்ஸ், கோவை திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களின் காஸ்டிங் பிரிவு ஆகியவற்றைத் தேடுங்கள். ஆசிரியர்கள் தேர்வு மதிப்பீட்டு நிறுவனங்கள், கல்வித் தொண்டு நிறுவனங்களின் எம்.ஐ.எஸ். ஒருங்கிணைப்பாளர், பள்ளிக் குழுமங்களின் கல்வி நிர்வாகப் பிரிவு, கல்லூரிகளின் உள்தர உறுதிப் பிரிவு ஆகியவற்றைப் பாருங்கள். பெயர் கவர்ச்சியாக இருக்காது. முதல் சம்பளம் இப்போது வாங்குவதை விடப் பெரிதாகவும் இருக்காது. சீனியர் கணக்கருக்குச் சில இடங்களில் குறையவும் செய்யும். கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டு வருடம் அங்கே இருந்தால் "அனலிஸ்ட்" என்ற பெயர் தானே வரும், அதுவும் அனுபவத்தோடு.

பெயரை நம்பியும் ஏமாறாதீர்கள். சென்னையில் "ஏ.ஆர். அனலிஸ்ட்" என்றால் பல இடங்களில் அது அமெரிக்க மருத்துவமனை பில்லுக்காக இரவு ஷிப்டில் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன் செய்யும் வேலை. கௌரவமான வேலைதான்; ஆனால் நீங்கள் தேடியது அது இல்லை. "டேட்டா அனலிஸ்ட்" என்று அழைத்து நாள் முழுக்க ஸ்கேன் படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் இடமும் உண்டு. கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "இந்த இருக்கையில் இருந்தவர் கடைசியாகத் தயாரித்த ரிப்போர்ட் எது, அதை யார் படித்தார்?" பதில் சொல்ல முடிந்தால் அது அனலிஸ்ட் வேலை. மழுப்பினால் எழுந்து வாருங்கள். முன்பணம் கேட்டால் உட்காரவே வேண்டாம்.

அந்தக் கரூர் மாணவி எங்கே என்று கேட்பீர்கள். வேலையை விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழகி, பத்து மாதம் கழித்து ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் எம்.ஐ.எஸ். பிரிவில் சேர்ந்தார். சம்பளம் இரண்டாயிரம்தான் கூடுதல். நேர்முகத்தில் சான்றிதழ் கேட்கவில்லை. பெயர் மாற்றிய அந்த ஒரு பக்கத்தைக் காட்டினார். "இந்த ரெண்டு பேர் காலாண்டுக்காரங்கன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார்களாம்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. மச்சான், அக்கா, யாராக இருந்தாலும் சரி. "ஐ.டி.க்குப் போயிடு, டேட்டா சயின்ஸ்தான் இப்ப" என்று வேலையில் இருக்கும் பிள்ளையை விரட்டாதீர்கள். விட்டுவிட்டு வந்தவளை வளைகாப்பு வீட்டில் பார்த்து "இன்னும் கிடைக்கலையா" என்று கேட்கவும் செய்யாதீர்கள். தவணைக்கு உங்களில் யாரும் பணம் கட்டப் போவதில்லை.

கோர்ஸ் நடத்துகிறவர்களில் என் மாணவர்களும் சிலர் இருக்கிறீர்கள். கோபம் வரலாம். வந்தால் கீழே எழுதுங்கள் தம்பி. எழுதும்போது ஒன்று சொல்லுங்கள்: போன வருடம் உங்களிடம் சேர்ந்த கணக்கர்களில், ஆசிரியர்களில், எத்தனை பேர் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? அந்தப் பட்டியலைப் போடுங்கள். நான் ஒத்துப் பார்க்கிறேன்.

மற்றவர்கள், உங்கள் ஆபீஸில் உயிரை எடுக்கும் அந்த மாதாந்திர வேலை எது என்று ஒரு வரியில் எழுதுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.